வேலை விண்ணப்ப நினைவூட்டல்

வேலை விண்ணப்ப நினைவூட்டல் என்பது, ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் அனுப்பி ஒரு வாரம் கடந்தும் பதில் வராதபோது, அந்த விண்ணப்பத்தின் நிலையை அறிய விண்ணப்பதாரர் அனுப்பும் ஒரேயொரு சுருக்கமான மடல் ஆகும். இது பெரும்பாலும் மின்னஞ்சலாகவே அனுப்பப்படுகிறது. விளம்பரத்தில் தொலைபேசி எண் தரப்பட்டிருந்தால் அழைப்பாகவும் அமையலாம். வேலை தரும்படி மீண்டும் கேட்பது இதன் நோக்கமன்று. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா, திறந்து படிக்கக்கூடிய நிலையில் இருக்கிறதா, அந்தப் பணியிடம் இன்னும் காலியாக உள்ளதா என்ற மூன்றையும் அறிவதே நோக்கம். இந்த மூன்றுக்கும் ஒரு மடல் போதும் என்பதால்தான் நினைவூட்டல் ஒருமுறையோடு நிறுத்தப்படுகிறது.

இக்கட்டுரை தனியார் நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் வழியாக அனுப்பப்படும் விண்ணப்பங்களைப் பற்றியது. அரசுப் பணி விண்ணப்பங்களுக்கு வேறு நடைமுறை உண்டு. அது இறுதியில் தனியாகச் சொல்லப்படுகிறது.

## எடுத்துக்காட்டுச் சூழல்

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, தவளக்குப்பத்தை அடுத்துள்ள பூரணாங்குப்பத்தில் வசிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். வேதியியலில் இளங்கலை முடித்தவர். சேதராப்பட்டுப் பகுதியில் உள்ள ஒரு மருந்து ஆலை, தரக் கட்டுப்பாட்டு உதவியாளர் பணிக்கு ஆள் தேவை என்று விளம்பரம் செய்கிறது. அதில் ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் உள்ளது, கடைசித் தேதி குறிப்பிடப்படவில்லை. அவர் 2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை இரவு 10 மணிக்குத் தன்விவரக் குறிப்பையும் மதிப்பெண் பட்டியல்களையும் அனுப்புகிறார். அடுத்த திங்கள் வரை எந்தப் பதிலும் இல்லை.

நேரில் போய்க் கேட்கலாமே என்று தோன்றும். பூரணாங்குப்பம் நகரின் தெற்கே, சேதராப்பட்டு வடமேற்கே. நகருக்குள் வந்து வேறு பேருந்து மாறித்தான் போக வேண்டும், அரை நாள் செலவாகும். போனாலும் முன்அனுமதி இல்லாமல் வாயிற்காவலரைத் தாண்டுவது கடினம். அவர் வாங்கி வைக்கும் தாள் மனிதவளப் பிரிவுக்குப் போய்ச் சேரும் என்பதற்கும் உறுதியில்லை. சரியாக எழுதிய ஒரு மின்னஞ்சல் இதைவிட நன்றாகப் பயன்படும். ஆனால் அதை எழுதுவதற்கு முன் இரண்டு வேலைகள் உள்ளன. ஒன்று, அந்த ஒரு வாரம் உண்மையிலேயே ஒரு வாரமா என்று எண்ணிப் பார்ப்பது. மற்றொன்று, குறை தன் பக்கத்தில் உள்ளதா என்று சோதிப்பது.

## ஒரு வாரத்தை எண்ணும் முறை

ஒரு வாரம் என்பதை நாட்காட்டியின் 7 நாட்களாக எண்ணுவதைவிட, அந்த அலுவலகம் திறந்திருக்கும் ஒரு முழு வாரமாக எண்ணுவதே சரி. ஞாயிறு மட்டும் விடுமுறையாக உள்ள ஆலையில் அது 6 வேலை நாட்கள். சனியும் விடுமுறையாக உள்ள அலுவலகத்தில் 5 நாட்கள். அனுப்பிய நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரவில் அனுப்பியதை மறுநாள் காலைதான் பார்ப்பார்கள்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஆகஸ்ட் 13, 14 இரண்டும் வேலை நாட்கள். ஆகஸ்ட் 15 விடுதலை நாள். ஆகஸ்ட் 16 புதுச்சேரிக்கு மட்டுமே உரிய விடுமுறை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பகுதிகள் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவுடன் இணைந்ததை அது குறிக்கிறது. ஆகஸ்ட் 17 சனி, வேலை நாள். ஆகஸ்ட் 18 ஞாயிறு. எனவே 19ஆம் தேதி திங்கள் காலையில் நாட்காட்டிப்படி ஒரு வாரம் ஆகிவிட்டாலும், ஆலையில் கழிந்தவை 13, 14, 17 ஆகிய 3 வேலை நாட்கள் மட்டுமே. இதை மௌனம் என்றே சொல்ல முடியாது. தொடர்ந்து 19, 20, 21 ஆகிய மூன்று நாட்களையும் சேர்த்தால் 6 நிறைவடைகிறது. நினைவூட்டலுக்குரிய நாள் ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை.

விடுமுறையைக் கணக்கிடும்போது விண்ணப்பத்தைப் பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்பதையே பார்க்க வேண்டும். ஆலை சேதராப்பட்டிலும் மனிதவளப் பிரிவு சென்னையிலும் இருந்தால் ஆகஸ்ட் 16 அவர்களுக்கு வேலை நாள். அதேபோல, புதுச்சேரி விடுதலை நாளான நவம்பர் 1 சென்னை அலுவலகத்துக்கு விடுமுறை அன்று. தைப் பொங்கலையும் தீபாவளியையும் ஒட்டிய வாரங்களில் பலர் கூடுதலாக விடுப்பு எடுப்பதால் இரண்டு நாட்கள் சேர்த்து எண்ணுவது நல்லது.

விளம்பரத்தில் கடைசித் தேதி இருந்தால் கணக்கு மாறும். அப்போது அனுப்பிய நாளை விட்டுவிட்டு, கடைசித் தேதியிலிருந்து எண்ண வேண்டும். பல நிறுவனங்கள் கடைசித் தேதி முடியும்வரை விண்ணப்பங்களைத் திறப்பதே இல்லை. முதல் நாளே அனுப்பியவர் பத்தாம் நாளில் விசாரித்தால், அதற்குச் சொல்ல அங்கே யாரிடமும் பதில் இருக்காது.

## ஒரு வாரம் ஏன்?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று அலுவலக நடைமுறை சார்ந்தது, மற்றொன்று மின்னஞ்சலின் இயக்கம் சார்ந்தது.

நடுத்தர அளவிலுள்ள ஓர் ஆலையில் மனிதவளப் பிரிவு என்பது ஓரிருவர் மட்டுமே இருக்கும் பிரிவாக இருக்கலாம். ஆள் சேர்ப்பது அவர்கள் செய்யும் பல வேலைகளில் ஒன்று. வருகைப் பதிவு, ஊதியக் கணக்கு, ஒப்பந்தத் தொழிலாளர் பட்டியல் ஆகியவையும் அவர்களிடமே இருக்கும். மாத ஊதியத்தைப் பொதுவாக அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வழங்க வேண்டும். வருங்கால வைப்பு நிதிக்கும் தொழிலாளர் ஈட்டுறுதிக்கும் உரிய தொகையை 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். ஆகவே மாதத்தின் முதல் பாதியில் வந்த விண்ணப்பம் இரண்டாம் பாதியில் பார்க்கப்படுவது இயல்பே. நம் மாணவியின் விண்ணப்பம் 12ஆம் தேதி இரவு போனது. 15ஆம் தேதிக் கெடுவின் நெருக்கடிக்குள் அது நேராகப் போய் விழுந்திருக்கிறது.

மின்னஞ்சல் சார்ந்த காரணம் பலரும் அறியாதது. பெறுபவரின் வழங்கி தற்காலிகமாகச் செயலிழந்திருந்தால், அனுப்பும் வழங்கி மடலை உடனே திருப்பி அனுப்பிவிடாது. இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் முயலும். மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கான RFC 5321 என்னும் நெறிமுறை, கைவிடுவதற்கு முன் பொதுவாகக் குறைந்தது 4 அல்லது 5 நாட்கள் முயல வேண்டும் என்கிறது. சில சேவைகள் அதற்கு முன்பே கைவிடுவதும் உண்டு. எப்படியாயினும், மடல் போய்ச் சேரவில்லை என்ற அறிவிப்பு இரண்டு மூன்று நாட்கள் கழித்து வரக்கூடும். மூன்றாம் நாளே நினைவூட்டல் அனுப்புபவர் இந்த அறிவிப்பு வருவதற்கு முன்பே எழுதிவிடுகிறார். ஒரு வாரம் பொறுத்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

## எழுதுமுன் செய்யும் சோதனை

பதில் வராததற்கு நிறுவனத்தின் புறக்கணிப்பே காரணம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. குறை அனுப்பியவர் பக்கமும் இருக்கலாம். கீழ்வருவனவற்றைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும்.

முதலில் பதில் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜிமெயிலில் சாதாரணமாகத் தேடினால் `Spam` கோப்புறையில் உள்ளவை காட்டப்படுவதில்லை. நிறுவனத்தின் முகவரியில் `@` குறிக்குப் பின் வரும் பகுதியைக் கொண்டு இப்படித் தேட வேண்டும்:

```
in:anywhere from:example.com
```

`example.com` என்ற இடத்தில் அந்த நிறுவனத்தின் பெயர்ப்பகுதியை இட வேண்டும். `Spam` கோப்புறையில் உள்ள மடல்கள் 30 நாட்களில் தாமாகவே அழிக்கப்படும். நேர்முகத் தேர்வு அழைப்பு அங்கே போய் விழுந்து, பார்க்கப்படாமலே அழிந்துபோக வாய்ப்புண்டு. நிறுவனங்கள் ஆள்சேர்ப்பு மென்பொருள் வழியாகப் பதில் அனுப்பினால் முகவரி வேறாக இருக்கும் என்பதால், நிறுவனத்தின் பெயரைக் கொண்டும் ஒருமுறை தேடுவது நல்லது.

அடுத்து, திரும்பி வந்த மடல் ஏதும் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அது `Mailer-Daemon` என்ற பெயரில் வரும். அதில் `550 5.1.1` என்ற குறியீடு இருந்தால் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று பொருள். அச்சில் வந்த விளம்பரத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது `l` என்ற எழுத்தும் `1` என்ற எண்ணும், `o` என்ற எழுத்தும் `0` என்ற எண்ணும் மாறிப்போவது வழக்கம். முகவரி தவறாக இருந்தால் தேவைப்படுவது நினைவூட்டல் அன்று. சரியான முகவரிக்கு முதல் விண்ணப்பமாகவே அனுப்ப வேண்டும்.

மூன்றாவதாக, `Sent` கோப்புறையில் தான் அனுப்பிய மடலைத் திறந்து, இணைப்பு உள்ளதா, அது எப்படிப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. மாணவி தன் மதிப்பெண் பட்டியல்களை ஒரு கணினி மையத்தில் வருடி வாங்கினார். அங்கே மிக உயர்ந்த தரத்தில் படமெடுத்ததால் கோப்புகளின் மொத்த அளவு 31 எம்பி ஆகிவிட்டது. ஜிமெயிலில் இணைக்கக்கூடிய வரம்பு 25 எம்பி. அதைத் தாண்டினால் கோப்புகள் கூகுள் டிரைவில் ஏற்றப்பட்டு, மடலில் வெறும் சுட்டி மட்டும் போகும். பெறுபவருக்குப் பார்வை அனுமதி தரப்படவில்லை என்றால், அவர் சொடுக்கும்போது அனுமதி கேட்கும் பக்கமே திறக்கும். ஆலையின் பிணையத்தில் இத்தகைய சேமிப்புத் தளங்கள் தடுக்கப்பட்டிருந்தால் அதுவும் திறக்காது. நாளொன்றுக்குப் பல விண்ணப்பங்களைப் பார்ப்பவர், திறக்காத ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அனுமதி கேட்டுப் பதில் எழுத அவருக்கு நேரம் இருக்காது.

ஆக, இந்த விண்ணப்பத்தை யாரும் நிராகரிக்கவில்லை, யாரும் படிக்கவுமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரேயொரு நினைவூட்டலின் மதிப்பு இத்தகைய நேரத்தில்தான் தெரிகிறது.

## மடலை அனுப்பும் முறை

நினைவூட்டலைப் புதிய மடலாக எழுதாமல், பழைய மடலின் தொடர்ச்சியாக அனுப்ப வேண்டும். `Sent` கோப்புறையில் உள்ள விண்ணப்ப மடலைத் திறந்து `Reply` அழுத்தினால், ஜிமெயிலில் பெறுநராக நிறுவனத்தின் முகவரியே வரும். அனுப்புமுன் அதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம். இப்படி அனுப்புவதால் பழைய மடலும் புதியதும் ஒரே உரையாடலாக அடுக்கப்படும். படிப்பவர் பழையதைத் தேட வேண்டியதில்லை. பொருள் வரியை மட்டும் மாற்றக் கூடாது. மாற்றினால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும்.

`Reply` மூலம் அனுப்பும்போது பழைய இணைப்புகள் கூடவே போவதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தன்விவரக் குறிப்பை மறுபடி இணைக்க வேண்டும். எல்லாச் சான்றிதழ்களும் இந்தக் கட்டத்தில் தேவையில்லை. தன்விவரக் குறிப்பும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் ஒரே பிடிஎஃப் கோப்பாக, 1 எம்பிக்கும் குறைவாக இருந்தால் போதும். வருடும்போது அங்குலத்துக்கு 150 அல்லது 200 புள்ளிகள் என்ற அளவைக் கேட்டு வாங்கினால், எழுத்துகள் தெளிவாக இருக்கும், கோப்பும் சிறிதாக இருக்கும். கோப்பின் பெயர் `resume.pdf` என்று இருந்தால், பதிவிறக்கியதும் அதே பெயருள்ள மற்றக் கோப்புகளுக்கிடையே தொலைந்துபோகும். விண்ணப்பதாரரின் பெயரும் பணியின் பெயரும் கோப்புப் பெயரில் இருக்க வேண்டும்.

அனுப்பும் நேரத்தையும் கவனிக்கலாம். ஆலைகளில் முறைமாற்றமும் வருகைப் பதிவும் முடியும்வரை காலை நேரம் பரபரப்பாக இருக்கும். வேலை நாளில் முற்பகல் 10.30க்குப் பின் அனுப்பினால் மடல் பட்டியலின் மேற்பகுதியில் இருக்கும்போதே பார்க்கப்பட வாய்ப்பு கூடும். சனிக்கிழமை மாலையில் அனுப்பியது திங்களன்று மற்ற மடல்களுக்கு அடியில் கிடக்கும்.

## மாதிரி மடல்

நம் மாணவி 2024 ஆகஸ்ட் 22 முற்பகலில் அனுப்பக்கூடிய மடல் கீழே தரப்படுகிறது. விளம்பரம் ஆங்கிலத்தில் வந்திருந்தால் இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதலாம். எந்த மொழியில் விண்ணப்பித்தாரோ அதே மொழியில் நினைவூட்டலும் இருக்க வேண்டும்.

> மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,
>
> வணக்கம். தங்கள் ஆலையின் தரக் கட்டுப்பாட்டு உதவியாளர் பணிக்கு ஆகஸ்ட் 12 அன்று விண்ணப்பம் அனுப்பியிருந்தேன்.
>
> அம்மடலில் கோப்புகள் கூகுள் டிரைவ் சுட்டியாகச் சென்றுள்ளன. அவை தங்களுக்குத் திறக்காமல் இருந்திருக்கலாம். தன்விவரக் குறிப்பையும் மதிப்பெண் பட்டியலையும் ஒரே கோப்பாக இத்துடன் இணைத்துள்ளேன். என் தற்காலிகப் பட்டச் சான்றிதழ் ஆகஸ்ட் 19 அன்று கிடைத்துவிட்டது.
>
> இப்பணிக்கான தேர்வு இன்னும் நடைபெறுகிறதா என்பதைத் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், கைபேசி எண்)
> பூரணாங்குப்பம், புதுச்சேரி

முதல் பத்தி, படிப்பவருக்கு விண்ணப்பத்தைக் கண்டுபிடித்துத் தருகிறது. பணியின் பெயரும் தேதியும் இருப்பதால் எந்த விண்ணப்பம் என்று அவர் தேட வேண்டியதில்லை. இரண்டாம் பத்தி குறையைச் சொல்லி, அதே மடலில் அதைச் சரிசெய்தும் விடுகிறது. முன்பு இல்லாத ஒரு புதிய செய்தியையும் தருகிறது. சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால் உடனே பணியில் சேர முடியும் என்பது ஆலைக்குப் பயனுள்ள தகவல். புதிய செய்தி ஏதும் இல்லாவிட்டால் அந்த வாக்கியத்தை விட்டுவிடலாம், வலிந்து எதையும் சேர்க்க வேண்டியதில்லை. மூன்றாம் பத்தியில் ஒரேயொரு கேள்வி இருக்கிறது. அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் எழுதலாம். "என் விண்ணப்பத்தைப் பற்றி என்ன முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டால், தேர்வு முடியாத நிலையில் படிப்பவரால் எதுவும் எழுத முடியாது. எழுத முடியாத கேள்விக்கு மௌனமே பதிலாகிவிடும்.

மடலில் இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். குடும்ப நிலை, வறுமை, கருணை வேண்டுதல் ஆகியவை இதில் இல்லை. அரசு அலுவலகங்களுக்கு மனு எழுதிப் பழகிய நடையில் "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்", "ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்" போன்ற தொடர்கள் இயல்பாக வந்துவிடும். மனுவில் அவற்றுக்கு இடம் உண்டு. இங்கே, நிலையை விசாரிக்கும் மடல் வேலை கேட்டுக் கெஞ்சும் மடலாகத் தோன்றிவிடும். "இன்னும் பதில் வரவில்லையே" என்ற குறையும் கூடாது.

## ஒருமுறை என்பதன் பொருள்

ஒருமுறை என்பது மின்னஞ்சலுக்கு மட்டும் உரிய எண்ணிக்கை அன்று. எல்லா வழிகளையும் சேர்த்தே ஒருமுறை. கிராமப்புறத்தில் இது எளிதில் மீறப்படுகிறது. மாணவி மின்னஞ்சல் அனுப்புகிறார். அதே ஆலையில் வேலை பார்க்கும் பக்கத்துத் தெரு அண்ணனிடம், "கொஞ்சம் ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்று அவர் அம்மா சொல்லிவைக்கிறார். அப்பா தனக்குத் தெரிந்த ஒப்பந்தக்காரர் மூலம் தொலைபேசியில் பேசச் சொல்கிறார். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒருமுறைதான் கேட்டிருக்கிறார்கள். ஆனால் மனிதவளப் பிரிவில் இருப்பவருக்கு இரண்டு நாட்களில் மூன்று விசாரணைகள் வந்துவிட்டன.

ஆகவே எந்த வழி என்பதை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். உள்ளே வேலை பார்ப்பவர் மூலம் கேட்பது சில இடங்களில் மின்னஞ்சலைவிட விரைவாகப் பதில் தரும். அப்படிக் கேட்பதானால் மின்னஞ்சலை நிறுத்திவைத்து, அவர் பதில் சொல்லும்வரை பொறுக்க வேண்டும். அவரிடமும் "சிபாரிசு செய்யுங்கள்" என்று கேட்பதைவிட, "விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா, ஆள் எடுத்துவிட்டார்களா என்று மட்டும் தெரிந்தால் போதும்" என்று கேட்பது அவருக்கும் சங்கடம் தராது.

இரண்டாவது நினைவூட்டல் ஏன் பயன் தருவதில்லை என்பதற்கும் காரணம் இதுவே. முதல் மடல் விண்ணப்பத்தைக் கண்முன் கொண்டுவந்துவிட்டது, குறையைச் சரிசெய்துவிட்டது, எளிய ஒரு கேள்வியையும் கேட்டுவிட்டது. இரண்டாவது மடலில் சொல்வதற்குப் புதிதாக எதுவும் மிஞ்சவில்லை. அதிலிருந்து படிப்பவர் அறிவது விண்ணப்பதாரரின் பதற்றத்தை மட்டுமே.

## பதிலும் அதன் பின்னும்

நினைவூட்டலுக்குப் பின் பொதுவாக நான்கில் ஒன்று நடக்கும். தன்விவரக் குறிப்பை வேறொரு முகவரிக்கு அனுப்பச் சொல்லலாம். அன்றே அனுப்பிவிட வேண்டும். பணியிடம் நிரப்பப்பட்டுவிட்டது என்று பதில் வரலாம். நன்றி தெரிவித்து ஒரு வரி எழுதி முடித்துக்கொள்ளலாம். தேர்வு நடைபெறுகிறது, விரைவில் தெரிவிப்போம் என்று வரலாம். அதற்குப் பின் காத்திருப்பதைத் தவிர வேறில்லை.

நான்காவது, மீண்டும் மௌனம். இன்னும் ஒரு வேலை வாரம் இப்படியே கழிந்தால் அந்த விண்ணப்பத்தைத் தன் பட்டியலில் முடிந்ததாகக் குறித்துக்கொண்டு, அடுத்த விண்ணப்பங்களில் கவனம் செலுத்த வேண்டும். பின்னர் அழைப்பு வந்தால் போகலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் அதை எதிர்பார்த்து வேறு வாய்ப்புகளை நிறுத்திவைக்கக் கூடாது. பணியின் பெயர், அனுப்பிய தேதி, முகவரி, நினைவூட்டல் நாள், முடிவு என்று ஐந்து பத்திகள் கொண்ட ஒரு நோட்டு இருந்தால், பத்து இடங்களுக்கு விண்ணப்பித்தவரும் ஒரே நிறுவனத்துக்கு மறந்துபோய் இருமுறை எழுதமாட்டார்.

ஒரு சூழலில் மட்டும் மறுபடி எழுதலாம். நிறுவனமே ஒரு தேதியைச் சொல்லி, அந்தத் தேதி கடந்துவிட்டால், இரண்டு வேலை நாட்கள் பொறுத்து அத்தேதியைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். அது அவர்கள் தொடங்கிய உரையாடலின் தொடர்ச்சி. அதே நிறுவனம் சில மாதங்கள் கழித்துப் புதிய விளம்பரம் செய்தால், பழையதைக் குறிப்பிடாமல் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

நினைவூட்டலுக்கு வரும் பதிலில் பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம், பயிற்சி வைப்புத்தொகை என்ற பெயரில் பணம் கேட்கப்பட்டால் அனுப்பக் கூடாது. அந்த விளம்பரமே போலியாக இருக்கலாம். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். பணம் அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

## நினைவூட்டல் பொருந்தாத இடங்கள்

அரசுப் பணிகளுக்கும் தேர்வாணையங்கள் நடத்தும் தேர்வுகளுக்கும் இம்முறை பொருந்தாது. அங்கே விண்ணப்ப எண்ணைக் கொண்டு இணையதளத்தில்தான் நிலையை அறிய வேண்டும். தேர்வுக் குழுவினரையோ அதிகாரிகளையோ தனிப்பட்ட முறையில் அணுகி ஆதரவு தேடுவது விண்ணப்பத்தை நிராகரிக்கக் காரணமாகலாம் என்று பல அறிவிக்கைகளிலேயே குறிப்பிடப்படுகிறது. நீண்ட காலம் தகவல் இல்லாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி எழுதிக் கேட்கலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

தனியார் விளம்பரத்திலேயே தொடர்பு கொண்டு விசாரிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தால் அதை மதிக்க வேண்டும். `noreply` என்று தொடங்கும் முகவரியிலிருந்து வந்த ஒப்புகை மடலுக்குப் பதில் எழுதினால் அதை யாரும் படிக்கமாட்டார்கள். வேலைவாய்ப்புத் தளங்கள் வழியாக விண்ணப்பித்திருந்தால் முதலில் அத்தளத்தில் காட்டப்படும் நிலையைப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, லிங்க்ட்இன் தளத்தில் `Application viewed` என்று காட்டினால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்கிறது, திறக்கப்பட்டும் இருக்கிறது. நினைவூட்டல் அறிய முயலும் மூன்றில் இரண்டுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. பணியிடம் இன்னும் காலியாக உள்ளதா என்பது மட்டுமே மிச்சம். விளம்பரம் தளத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தால் அதற்கும் ஓரளவு விடை தெரிந்துவிடும், தனியாக எழுத வேண்டிய தேவை இருக்காது.